மூன்று மாத எஃப்.டி. முதிர்வுத் தொகை: ஒரே சூத்திரத்தில் எப்படிக் கணக்கிடுவது?

மூன்றாம் படிவக் கணிதப் பாடப் புத்தகத்தில் சேமிப்பும் முதலீடும் என்று ஒரு பாடம் வரும். அதில் கீழே இருக்கும் சூத்திரத்தை எல்லோரும் ஒருமுறை மனப்பாடம் செய்திருப்போம்.

```
MV = P(1 + r/n)^(nt)
```

MV என்பது முதிர்வுத் தொகை. மலாயில் 'நிலாய் மாதாங்' என்று படித்திருப்போம். P என்பது நாம் போடும் முதல். r ஆண்டு வட்டி விகிதம். n ஓர் ஆண்டில் எத்தனை தடவை வட்டி முதலோடு சேருகிறது என்பது. t ஆண்டுக் கணக்கு. தேர்வு முடிந்ததும் இந்தச் சூத்திரத்தை மறந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் கையில் கொஞ்சம் பணம் சேர்கிறது, பேங்க் ஆப்பைத் திறந்து எஃப்.டி. பக்கத்துக்குப் போகிறோம். மூன்று மாதமா, ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பழைய சூத்திரமே போதும். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனைகள் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் n = 4 என்ற ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேரும் கணக்கு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பம்

ஒரு வீட்டில் 20,000 ரிங்கிட் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்த பணம். ஜனவரியில் எஃப்.டி.யில் போடுகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 3.2 விழுக்காடு. இது கணக்கு புரிவதற்காக நாம் எடுத்துக்கொண்ட எண். உங்கள் பேங்க் வேறு எண் தரலாம்.

மூன்று மாத எஃப்.டி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முடிந்ததும் முதலையும் வட்டியையும் சேர்த்தே இன்னொரு மூன்று மாதத்துக்குப் புதுப்பிக்கும்படி ஆப்பில் குறித்துவிடுகிறார்கள். இப்போ ஒவ்வொரு காலாண்டிலும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

3.2 விழுக்காடு என்பது ஓர் ஆண்டுக்கான வட்டி. மூன்று மாதத்துக்கு அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.8 விழுக்காடு. தசமத்தில் எழுதினால் 0.008. ஆகவே ஒவ்வொரு காலாண்டும் பணம் 1.008 மடங்காகிறது.

முதல் காலாண்டு முடிவில்: 20,000 × 1.008 = 20,160.00
இரண்டாம் காலாண்டு முடிவில்: 20,160.00 × 1.008 = 20,321.28
மூன்றாம் காலாண்டு முடிவில்: 20,321.28 × 1.008 = 20,483.85
நான்காம் காலாண்டு முடிவில்: 20,483.85 × 1.008 = 20,647.72

முதல் காலாண்டில் கிடைத்த வட்டி 160 ரிங்கிட். நான்காம் காலாண்டில் கிடைத்தது 163.87. விகிதம் மாறவில்லை, வட்டி போடப்படும் தொகைதான் பெருத்திருக்கிறது. முதலில் வந்த 160 ரிங்கிட்டுக்கும் அடுத்தடுத்த காலாண்டுகளில் வட்டி கிடைத்திருக்கிறது.

மேலே நாம் செய்தது ஒரே வேலைதான்: 1.008-ஆல் நான்கு தடவை பெருக்கினோம். ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்குவதை அடுக்காக எழுதலாம் இல்லையா? அப்படி எழுதினால் நான்கு வரியும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

```
MV = 20000 × (1 + 0.032/4)^(4×1) = 20647.72
```

சூத்திரம் இப்படித்தான் பிறக்கிறது. அடைப்புக்குள் இருப்பது ஒரு காலாண்டில் பணம் எத்தனை மடங்காகிறது என்பது. மேலே இருக்கும் அடுக்கு, எத்தனை காலாண்டு அப்படி நடந்தது என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பிறகு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கைப்பேசியில் போடும் முறை

கைப்பேசிக் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அடுக்குப் பொத்தான் தெரியும். முதலில் 0.032-ஐ நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்க. 1.008 வரும். அடுக்குப் பொத்தானை அழுத்தி 4 போடுங்க. 1.032386 என்று வரும். அதை 20,000-ஆல் பெருக்குங்க. அவ்வளவுதான்.

விரிதாளில் போடுவதாக இருந்தால் ஒரு கட்டத்தில் இந்த வரி போதும்:

```
=20000*(1+0.032/4)^(4*1)
```

ஆண்டை 3 ஆக்க வேண்டுமென்றால் கடைசி 1-ஐ மட்டும் 3 ஆக்குங்க. அடுக்கு 12 ஆகும், விடை 22,006.77 வரும்.

இடையில் வந்த 1.032386 என்ற எண்ணை ஒரு நிமிடம் கவனியுங்க. ஆண்டுக்கு 3.2 விழுக்காடு என்று பேங்க் சொன்னது. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்ந்ததால் ஆண்டு முடிவில் உண்மையில் கிடைத்தது ஏறக்குறைய 3.24 விழுக்காடு. இதைப் பயனுறு வட்டி விகிதம் என்பார்கள். பின்னால் இரண்டு எஃப்.டி.களை ஒப்பிடும்போது இந்த எண்தான் கைகொடுக்கும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

அடுக்குப் போடும்போது ஒரு பொத்தான் தவறினாலும் விடை எங்கோ போய்விடும். அதனால் ஒரு சுலபமான சோதனை வைத்துக்கொள்வது நல்லது. முதலில் தனிவட்டியை மனதிலேயே கணக்குப் போடுங்க. 20,000-க்கு 3.2 விழுக்காடு 640 ரிங்கிட். ஆகத் தனிவட்டியில் 20,640. கூட்டு வட்டியின் விடை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தாலும் தவறு, மிக அதிகமாகப் போனாலும் தவறு.

பொதுவாக மூன்று இடத்தில்தான் தவறு நடக்கும். 3.2-ஐ 0.032 ஆக்காமல் அப்படியே போட்டால் விடை 209,952 ரிங்கிட் என்று வரும். ஒரே ஆண்டில் பணம் பத்து மடங்கு ஆகாது, உடனே தெரிந்துவிடும். வட்டியை நான்கால் வகுக்க மறந்து அடுக்கை மட்டும் நான்காகப் போட்டால் 22,685.52 வரும். இது பார்க்க நம்பும்படியாகத்தான் இருக்கும். ஆனால் தனிவட்டியைவிட இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கூடியிருப்பதால் மாட்டிக்கொள்ளும். வகுத்துவிட்டு அடுக்கை நான்கால் பெருக்க மறந்தால் 20,160 வரும். இது தனிவட்டியைவிடக் குறைவு, அதனால் இதுவும் தவறு.

'கொஞ்சம் கூடுதல்' என்றால் எவ்வளவு என்று கேட்பீங்க. அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. நான்கு காலாண்டில் எந்த இரண்டை எடுத்தாலும், முன்னதில் வந்த வட்டிக்குப் பின்னதில் வட்டி கிடைக்கிறது. நான்கிலிருந்து இரண்டை ஆறு வழிகளில் எடுக்கலாம். ஒவ்வொரு இணைக்கும் கிடைப்பது 160 ரிங்கிட்டுக்கு 0.8 விழுக்காடு, அதாவது 1.28 ரிங்கிட். ஆறு தடவை 1.28 என்றால் 7.68. நம் விடைக்கும் தனிவட்டிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு 7.72. மிச்சம் நான்கு சென், வட்டியின் வட்டிக்கு வந்த வட்டி. ஈருறுப்புத் தேற்றம் படித்தவர்களுக்கு இது பழகிய முகமாக இருக்கும்.

சூத்திரம் எந்த நாட்டு எஃப்.டி.க்கு?

தமிழில் எஃப்.டி. பற்றி யூடியூபில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். அவற்றில் இதே n = 4 சூத்திரத்தை எடுத்த எடுப்பில் போடுவார்கள். அது அங்கே சரி. இந்திய வங்கிகளில் வட்டியை இடையில் எடுக்காமல் முதிர்வில் மொத்தமாக வாங்கும் எஃப்.டி.யில், வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்கிறது. ஒரு லட்சம் ரூபாயை 7 விழுக்காட்டில் மூன்று ஆண்டுக்குப் போட்டால், ஒரே ரசீதுக்குள்ளேயே பன்னிரண்டு காலாண்டு ஓடி, முதிர்வில் 1,23,144 ரூபாய் வரும். மூன்று ஆண்டுக்கும் 7 விழுக்காடு மாறாது.

நம் நாட்டில் அமைப்பு வேறு. இங்கே பன்னிரண்டு மாத எஃப்.டி. போட்டால், வட்டி பொதுவாகப் பன்னிரண்டாம் மாத முடிவில் ஒரே தடவை தனிவட்டியாகக் கிடைக்கும். 20,000 போட்டால் 20,640 மட்டுமே. அந்த ரசீதுக்கு n = 4 போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, பேங்க் 7.72 ரிங்கிட்டைக் குறைத்துவிட்டது என்று கவுன்டரில் போய்க் கேட்கக் கூடாது.

இங்கே n = 4 எப்போது பொருந்தும் என்றால், மூன்று மாத எஃப்.டி.யைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும்போது. அப்போது ஒவ்வொரு புதுப்பிப்பும் சூத்திரத்தில் ஓர் அடைப்பு. ஆண்டுக்கு நான்கு புதுப்பிப்பு, நான்கு அடைப்பு.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முதிர்வில் என்ன செய்ய வேண்டும் என்று ஆப் கேட்கும்போது, முதலையும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லியிருக்க வேண்டும். முதலை மட்டும் புதுப்பித்து, வட்டியைச் சேமிப்புக் கணக்கில் போடு என்று குறித்திருந்தால் ஒவ்வொரு காலாண்டும் 20,000-க்குத்தான் வட்டி. நான்கு தடவை 160, மொத்தம் 640. கூட்டு வட்டியே கிடையாது. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இந்த ஒரு வரிதான் கூட்டு வட்டியா தனிவட்டியா என்பதை முடிவு செய்கிறது.

இன்னொரு சிறிய விஷயம். பேங்க் மாதக் கணக்கில் பார்க்காமல் நாள் கணக்கில் வட்டி போட்டால், முதல் காலாண்டில் 160 ரிங்கிட் வராது. ஜனவரி 1 முதல் மார்ச் முடிய 90 நாள்தான். 640-ஐ 365-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 157.81. பிழை என்று பயப்பட வேண்டாம். அடுத்த காலாண்டுகளில் 91, 92, 92 நாள் வருவதால் அது ஈடாகிவிடும். நான்கையும் பெருக்கிப் பார்த்தால் ஆண்டு முடிவில் அதே 20,647.72 தான் வருகிறது.

ஏழு ரிங்கிட்டுக்கா இவ்வளவு கணக்கு?

நியாயமான கேள்வி. 20,000 ரிங்கிட் போட்டு, ஓர் ஆண்டு காத்திருந்து, கூட்டு வட்டியால் கூடுதலாகக் கிடைத்தது 7 ரிங்கிட் 72 சென். பன்னிரண்டு மாத எஃப்.டி.யின் வட்டி 3.2-க்குப் பதில் 3.25 விழுக்காடாக இருந்தால், அது தனிவட்டியிலேயே 20,650 தந்துவிடும். காலாண்டுக் கணக்கைவிட 2.28 ரிங்கிட் அதிகம். அதனால்தான் பயனுறு விகிதமான 3.24-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு மாத வட்டி அதற்கு மேல் இருந்தால், காலாண்டுக்கு ஒருமுறை சேர்வதால் வரும் லாபம் அடிபட்டுப் போகிறது.

ஆனால் இரண்டு எஃப்.டி.களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த ஏழு ரிங்கிட்டில் இல்லை. நம் குடும்பத்தின் கதைக்குத் திரும்பிப் போவோம்.

தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. கட்டணத்தை நவம்பர் தொடக்கத்தில் கட்ட வேண்டும். ஜனவரியில் போட்ட பணத்துக்கு அப்போது பத்து மாதம்தான் ஆகியிருக்கும். பன்னிரண்டு மாத எஃப்.டி.யாகப் போட்டிருந்தால் முதிர்வுக்கு முன்னமே உடைக்க வேண்டும்.

முன்பெல்லாம் மூன்று மாதம் தாண்டிய எஃப்.டி.யை இடையில் உடைத்தால், பேசிய வட்டியில் பாதியாவது முடிந்த மாதங்களுக்குக் கிடைக்கும். 2019 ஜனவரி 1 முதல் அந்த வழக்கம் போய்விட்டது. இப்போது முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி கிடையாது. பத்து மாதம் காத்திருந்தாலும் கைக்கு வருவது போட்ட 20,000 மட்டும்தான்.

அதே பணம் மூன்று மாத எஃப்.டி.யாகப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால்? செப்டம்பர் முடிவில் மூன்று காலாண்டு முழுசாக முடிந்துவிட்டது. அடுக்கில் 3 போடுங்க:

```
MV = 20000 × (1.008)^3 = 20483.85
```

நான்காவது மூன்று மாத எஃப்.டி.தான் பாதியில் உடைகிறது. அதற்கு மட்டும் வட்டி இல்லை. முன்பு முடிந்தவற்றின் வட்டி ஏற்கெனவே முதலாகிவிட்டது, அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. ஆகக் கைக்கு வருவது 20,483.85. ஒரே பணம், ஒரே விகிதம், ஒரே நாளில் எடுக்கிறார்கள், வேறுபாடு 483.85 ரிங்கிட்.

இங்கே அடுக்கைப் பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. பத்து மாதம் என்றால் 10-ஐ 3-ஆல் வகுத்து 3.33 என்று அடுக்கில் போடத் தோன்றும். கால்குலேட்டரும் ஒரு விடை தரும், ஏறக்குறைய 20,538 ரிங்கிட் என்று. ஆனால் பேங்கில் அந்தப் பணம் இல்லை. அடுக்கு எண்ணுவது முடிந்த காலாண்டுகளை. முடியாத காலாண்டுக்கு நம் எஃப்.டி.யில் மதிப்பு சுழியம். ஆகவே அடுக்கு எப்போதும் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும், 3.33 வந்தால் 3 என்று கீழே இறக்கிப் போடுங்க.

r மாறினால் என்ன ஆகும்?

அப்படியென்றால் எல்லோரும் மூன்று மாத எஃப்.டி.யே போட்டுவிடலாமா? அதற்கு முன், சூத்திரத்தில் இன்னும் பார்க்காத ஓர் எழுத்து இருக்கிறது: r.

நாம் (1.008)^4 என்று எழுதியபோது, நான்கு காலாண்டிலும் வட்டி 3.2 விழுக்காடாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். இந்திய எஃப்.டி.யில் ஒரே ரசீது, அதனால் அது உண்மை. இங்கே ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புது எஃப்.டி. புதுப்பிக்கும் நாளில் பேங்கின் விகிதம் என்னவோ அதுதான் அடுத்த மூன்று மாதத்துக்கு. அதனால் நம் நாட்டுக்கான முழுமையான வடிவம் இதுதான்:

```
MV = P × (1 + r1/4) × (1 + r2/4) × (1 + r3/4) × (1 + r4/4)
```

நான்கு r-உம் ஒன்றாக இருந்தால் மட்டுமே இது பழைய அடுக்குச் சூத்திரமாகச் சுருங்கும்.

விகிதம் மாறுவதற்குப் பொதுவாக இரண்டு காரணம். ஒன்று, பேங்க் நெகாராவின் ஓபிஆர். 2020-இல் அது நான்கு தடவை குறைந்தது: ஜனவரியில், மார்ச்சில், மே மாதம், ஜூலையில். 3.00 விழுக்காட்டில் இருந்தது ஏழே மாதத்தில் 1.75-க்கு இறங்கியது, எஃப்.டி. விகிதங்களும் அதன் பின்னால் இறங்கின. அந்த ஆண்டு தொடக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டவர்களின் வட்டி பூட்டிய பூட்டாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அடைப்பு சிறியதாகிக்கொண்டே வந்தது. 2022 மே முதல் 2023 மே வரை நடந்தது நேர் எதிர். ஓபிஆர் 1.75-இலிருந்து மறுபடி 3.00-க்கு ஏறியது. அப்போது அடிக்கடி புதுப்பித்தவர்களுக்கு நல்ல காலம்.

இரண்டாவது காரணம், சலுகை விகிதம். பேங்க் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வட்டி பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும்தான். தானாகப் புதுப்பிக்கும்போது அது சாதாரணப் பலகை விகிதத்துக்கு இறங்கிவிடும். நம் குடும்பம் போட்ட 3.2 சலுகை விகிதம் என்றும், பலகை விகிதம் 2.2 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் அடைப்பு 1.008. அடுத்த மூன்றும் 1.0055.

```
MV = 20000 × 1.008 × (1.0055)^3 = 20494.47
```

எதிர்பார்த்தது 20,647.72. கிடைத்தது அதைவிட 153.25 ரிங்கிட் குறைவு. அதே சமயம் இன்னொரு பேங்க் பன்னிரண்டு மாதத்துக்கு 3.0 விழுக்காடு கொடுத்திருந்தால் 20,600 கிடைத்திருக்கும். விளம்பரத்தில் 3.2 பெரிசு, 3.0 சின்னது; ஆனால் ஆண்டு முடிவில் 3.0 முந்திவிட்டது.

எந்த இடத்தில் இரண்டும் சமமாகும் என்றும் கண்டுபிடிக்கலாம். 20,600-ஐ முதல் காலாண்டு முடிவில் இருந்த 20,160-ஆல் வகுத்தால் 1.021825. இது மூன்று காலாண்டின் பெருக்கம் என்பதால் கனமூலம் எடுங்க: 1.00722. ஒன்றைக் கழித்து நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 2.89 விழுக்காடு. புதுப்பிக்கும் விகிதம் சராசரியாக இதற்கு மேல் இருக்கும் என்று நம்பினால் மூன்று மாத வழி. இல்லையென்றால் பன்னிரண்டு மாத வழி.

சலுகையில் போட்டவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முதிர்வு நாளைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வையுங்க. அந்த நாளில் தானாகப் புதுப்பிக்க விடாமல், அன்றைக்கு எந்த விகிதம் நல்லது என்று பார்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்க. அப்படிச் செய்யும்போது வட்டியையும் சேர்த்தே போட மறக்காதீங்க. இல்லையென்றால் அடைப்பு பெரிதாகும், அடியில் இருக்கும் முதல் வளராது.

அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வந்துவிட்டது. பணம் எப்போது தேவைப்படும் என்பதுதான் முதல் கேள்வி. கட்டணத் தேதி பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே வரும் என்று தெரிந்தால், அந்தத் தொகையை மூன்று மாதத்தில் வைப்பது பாதுகாப்பு. அது வராது என்று உறுதியாகத் தெரிந்த தொகைக்கு, பன்னிரண்டு மாத விகிதத்தையும் காலாண்டுச் சூத்திரம் தரும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாப் பணத்தையும் ஒரே ரசீதில் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் செமஸ்டருக்கு 8,000 வேண்டும் என்றால் அதை மூன்று மாத எஃப்.டி.யாகவும், மிச்சம் 12,000-ஐப் பன்னிரண்டு மாத எஃப்.டி.யாகவும் தனித்தனியாகப் போடலாம். 8,000-ஐ இடையில் எடுத்தாலும் 12,000-இன் வட்டிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனியாக MV கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டால் ஆண்டு முடிவில் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும்.

உரிமம் பெற்ற வங்கியில் தனிநபர் போடும் எஃப்.டி. வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அதனால் சூத்திரம் தரும் தொகையிலிருந்து வரி கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. வரும் விடைதான் கைக்கு வரும் பணம்.

பயிற்சி

நீங்களே போட்டுப் பாருங்க. விடைகள் கீழே இருக்கின்றன, முதலில் பார்க்காதீங்க.

1. 5,000 ரிங்கிட், ஆண்டுக்கு 2.8 விழுக்காடு, மூன்று மாத எஃப்.டி. முதலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பித்து ஒன்பது மாதம் கழித்து எடுத்தால் எவ்வளவு?

2. 8,000 ரிங்கிட், 3 விழுக்காடு. பதினோராம் மாதத்தில் எடுக்க வேண்டிவந்தது. மூன்று மாத எஃப்.டி.யாகப் புதுப்பித்திருந்தால் எவ்வளவு? பன்னிரண்டு மாத எஃப்.டி.யாக இருந்தால் எவ்வளவு?

3. 30,000 ரிங்கிட் ஓர் ஆண்டுக்கு. மூன்று மாத வழி 3 விழுக்காடு, விகிதம் மாறாது என்று வைத்துக்கொள்ளுங்க. பன்னிரண்டு மாத வழி 3.05 விழுக்காடு. எது அதிகம், எவ்வளவு?

விடைகள்:

1. ஒரு காலாண்டுக்கு 0.7 விழுக்காடு, மூன்று காலாண்டு. 5,000 × (1.007)^3 = 5,105.74 ரிங்கிட். சோதனை: தனிவட்டி ஒன்பது மாதத்துக்கு 105 ரிங்கிட், விடை அதைவிடக் கொஞ்சம் கூடுதல், சரி.

2. பதினொரு மாதத்தில் முடிந்தது மூன்று காலாண்டுதான். 8,000 × (1.0075)^3 = 8,181.35 ரிங்கிட். பன்னிரண்டு மாத எஃப்.டி.யை உடைத்தால் 8,000 மட்டும்.

3. மூன்று மாத வழி 30,000 × (1.0075)^4 = 30,910.18. பன்னிரண்டு மாத வழி 30,915.00. பன்னிரண்டு மாதம் 4.82 ரிங்கிட் அதிகம். இந்த வேறுபாட்டுக்காக ஓர் ஆண்டு முழுக்கப் பணத்தைப் பூட்டி வைக்கலாமா என்பது, இடையில் அந்தப் பணம் உங்களுக்குத் தேவைப்படுமா என்பதைப் பொறுத்தது.